சாரல் ஊரில் சிமெண்ட் தரைமேல் லேமினேட் பலகை: போடுமுன் ஈரம் பாருங்கள்

செங்கோட்டையில் எங்கள் வீடு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் முதலில் எங்கள் சுவரைத்தான் நனைக்கும். கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு மரத்தளம் போடலாம் என்று ஆசைப்பட்டு, போன வருடம் மார்ச் மாதத்தில் 8 மி.மீ. லேமினேட் பலகை போட்டோம். போட்ட ஆட்கள் தரையைத் தொட்டுப் பார்த்தார்கள், "காய்ஞ்சு கெடக்கு அண்ணாச்சி" என்றார்கள், ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். ஜூலை இரண்டாம் வாரம் பலகை இணைப்புகள் வரப்பு மாதிரி மேலே எழும்பி நின்றன. கழற்றிப் பார்த்தால் ஒரு மூலையில் அடிப்பக்கம் கறுப்பாகப் பூசணம். அந்த அறையை மறுபடி போட்டபோது தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். பழைய சிமெண்ட் தரை, கீழ்த்தளம், மழை ஊர், இந்த மூன்றும் உங்களுக்கும் பொருந்தினால் ஒவ்வொரு படியும் தேவைப்படும். மாடி அறை என்றால் கொஞ்சம் எளிது, ஆனாலும் 3-ஆம் படியை விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் எந்தப் பலகை என்று முடிவு செய்யுங்கள்

லேமினேட் என்பது மரம் அல்ல. அழுத்திய மரத்தூள் பலகைக்கு மேலே மரத்தின் படம் அச்சடித்த தாள், அதற்கு மேல் தேயாத ஒரு பூச்சு, அவ்வளவுதான். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ஊதும், ஊதினது திரும்ப இறங்காது. என்ஜினியர்டு வுட் என்பது அடியில் பிளைவுட் மாதிரி அடுக்குகள், மேலே சில மில்லிமீட்டர் உண்மையான மரம். அது ஈரத்துக்கு வளைந்தாலும் ஓரளவு திரும்பும், ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

இரண்டையுமே தரையில் ஒட்டாமல், ஒரு பலகையின் விளிம்பு நாக்கை அடுத்த பலகையின் பள்ளத்தில் கிளிக் செய்து, மிதக்க விடலாம். என்ஜினியர்டு வுட்டைப் பசை போட்டு ஒட்டவும் செய்வார்கள். ஆனால் அடியில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய தரையில் பசை வேலைக்குப் போகாதீர்கள், ஏனென்றால் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வழியே இல்லாமல் போய்விடும். இனி எழுதுவதெல்லாம் மிதக்கும் முறைக்குத்தான்.

2. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

வீடு கட்டின கொத்தனார் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம், பேஸ்மெண்ட்டில் மண் நிரப்பி கான்கிரீட் போட்டபோது நடுவில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்களா என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் விரித்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகக் கான்கிரீட் வழியே மேலே வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வெறும் சிமெண்ட் தரையாக இருக்கும்வரை அது காற்றோடு போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மேலே பலகையை மூடின அன்றிலிருந்து போக இடமில்லாமல் அங்கேயே தேங்கும்.

புது கான்கிரீட் என்றால் கதை வேறு. கியூரிங் முடிந்தபிறகு ஒரு இஞ்ச் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் காய வேண்டும் என்பது ஒரு பொதுக்கணக்கு. நான்கு இஞ்ச் தளத்துக்கு நாலு மாதம். அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால்தான், சாரல் காலத்து மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுவர் அடியில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, தரையில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு பூத்திருந்தால் ஆவியோடு நிற்காமல் தண்ணீராகவே ஏறுகிறது. அதற்கு எந்த ஷீட்டும் தாங்காது. அந்த அறைக்கு டைல்ஸ் போட்டுவிடுங்கள்.

3. ஈரம் பார்ப்பது: இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் எந்தத் தரையைத் தொட்டாலும் காய்ந்துதான் இருக்கும். கை சொல்வது மேற்பரப்பை, நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது. அதனால் சோதனையை ஜூலை, ஆகஸ்டில் செய்யுங்கள். மழைக்காலத்தில் தேறுகிற தரை மற்ற மாதங்களிலும் தேறும்.

முதல் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, நிறமில்லாத கனமான ஷீட்டாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். டேப் சிமெண்ட் தூசியில் ஒட்டாது, முதலில் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும் என்பார்கள், நான் இரண்டு நாள் விட்டேன். எடுக்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் நீர் முத்துகள் இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ தரையிலிருந்து ஈரம் வருகிறது. ஷீட்டின் மேல்பக்கம் மட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், தரை மேல் பழி போடாதீர்கள். இந்தச் சோதனையில் தோற்றால் தரை ஈரம் என்பது நிச்சயம். ஜெயித்தால் ஒன்றும் நிச்சயமில்லை, கொஞ்சமாக வருகிற ஆவி முத்தாகக் கோக்காமலே இருக்கலாம்.

ஆகவே இரண்டாவது சோதனை. சுவரில் மாட்டுகிற சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி 400 ரூபாய்க்கு வாங்கினேன். நிறமில்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை வைத்து, டப்பாவைத் தரையில் கவிழ்த்து, விளிம்பு முழுக்க பியூட்டைல் டேப் வைத்து அடைத்துவிடுங்கள். தரையும் டப்பாவுக்குள் இருக்கும் காற்றும் ஒரே நிலைக்கு வர மூன்று நாளாவது ஆகும். மூன்றாம் நாள் ஒரு தடவை, நான்காம் நாள் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் கணக்கு, ஏறிக்கொண்டே போனால் இன்னும் காத்திருங்கள். வெயில் விழாத இடமாக இருக்கட்டும், அந்த நாட்களில் ஏசி போடாதீர்கள். 75 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் லேமினேட் தளத்துக்குச் சரி என்பது பரவலாகப் பின்பற்றுகிற அளவு. உங்கள் பலகைப் பெட்டிக்குள் வருகிற தாளில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

400 ரூபாய் மீட்டரை நம்பலாமா என்றால், அப்படியே நம்பக் கூடாது, சமையலறை உப்பை வைத்துச் சோதித்துவிட்டு நம்பலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணலாக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி இரவு முழுக்க விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பைக்குள் 75 சதவீதம் காட்ட வேண்டும், அது உப்பின் குணம். நமக்கு வேண்டிய எல்லையும் அதே 75 என்பது எவ்வளவு வசதி பாருங்கள். என் மீட்டர் 79 காட்டியது, ஆக அது சொல்வதில் 4 கழித்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் மூன்று இடத்தில் வைத்தேன். ஜன்னல் பக்கம் 74, நடுவில் 76, குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில் 92. கழித்தால் 70, 72, 88. பூசணம் பிடித்த அதே மூலைதான். ஒரே அறைக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால் மண்ணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிளம்பரைக் கூப்பிட்டுக் குளியலறைத் தரைத் தண்ணீர் வெளியேறுகிற நஹானி டிராப்பைத் தோண்டினோம், குழாய் இணைப்பு விட்டிருந்தது. சரிசெய்துவிட்டு இரண்டு மாதம் அறையைத் திறந்துபோட்டோம். செப்டம்பர் கடைசியில் அதே மூலை 75, கழித்தால் 71.

ஒரே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. குளியலறைச் சுவர், வெளிச்சுவர், நடு, இந்த மூன்று இடங்களையாவது பாருங்கள். இரண்டு ஊசி குத்திப் பார்க்கிற மரஈர மீட்டரைச் சிலர் தரையில் வைத்து ஒரு சதவீதம் சொல்வார்கள். கான்கிரீட்டில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை, எந்த மூலை மற்றதைவிட ஈரம் என்று ஒப்பிட மட்டும் உதவும்.

எல்லா இடத்திலும் 75-ஐத் தாண்டினால் தரைக்கு எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பலகைச் செலவோடு கூட்டிப் பார்த்தால் டைல்ஸ் அழகாகத் தெரிய ஆரம்பிக்கும்.

4. மட்டம்

இரண்டு மீட்டர் நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மேட்டைக் கிரைண்டரில் தேயுங்கள், பள்ளத்தை செல்ஃப் லெவலிங் கலவையால் நிரப்புங்கள். தரை ஒரு பக்கமாகச் சீராகச் சரிந்திருந்தால் பரவாயில்லை, மேடு பள்ளம்தான் கூடாது. பள்ளத்துக்கு மேலே பலகை தொங்கினால் மிதிக்க மிதிக்கக் கிளிக் நாக்கு உடைந்துவிடும். ஃபோம் ஷீட்டை இரண்டாக மடித்துப் பள்ளத்தை நிரப்புகிற ஆட்கள் உண்டு, அங்கேயே நிறுத்துங்கள். கலவை போட்ட இடத்தில் புதிதாக ஈரம் சேர்ந்திருக்கும், பையில் போட்டிருக்கும் நாட்கள் காயவிட்ட பிறகு அங்கே டப்பாவை மறுபடி கவிழ்த்துப் பாருங்கள்.

5. பொருள் வாங்குதல், பில், வாரண்டி

அறை 3.57 மீட்டர் அகலம், 4.27 மீட்டர் நீளம், அதாவது 164 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 8 சதவீதம் கூட்டினால் 177. ஒரு பெட்டியில் எட்டுப் பலகை, 20.4 சதுர அடி, ஆக 9 பெட்டி. நான் 10 வாங்கினேன். அதே டிசைன் அடுத்த வருடம் கிடைக்காது, ஒரு பெட்டி பரணில் கிடக்கட்டும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் லேசாக மாறும்.

இரண்டாம் தடவை கொல்லத்தில் வாங்கினோம். சதுர அடி 110 ரூபாய் வீதம் பலகை 22,440, ஃபோம் 1,700, பிளாஸ்டிக் ஷீட் 700, ஸ்கர்ட்டிங் 2,880, வாசல் பட்டை 900, கூலி 3,280. மொத்தம் 31,900 ரூபாய். எல்லை தாண்டிக் கொண்டுவருகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும், இரண்டு அறைக்குச் சேர்த்து வாங்கினால் அந்த அளவைத் தொட்டுவிடும். கடைக்காரரே எடுத்துத் தருவார், வண்டி கிளம்புமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்றாலும் ஜிஎஸ்டி பில் டிரைவர் கையில் இருக்க வேண்டும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை நான் புகார் கொடுத்தபோது பலகைக் கம்பெனிக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "போடுறதுக்கு முன்னாடி தரை ஈரம் அளந்த ரெக்கார்டு இருக்கா?" இல்லை. அத்தோடு முடிந்தது. ஆகவே டப்பாவுக்குள் மீட்டர் எண் தெரிகிற படம், விரித்த பிளாஸ்டிக் ஷீட்டின் படம், சுவரோர இடைவெளியில் ஸ்கேல் வைத்து எடுத்த படம், இவை மூன்றையும் தேதியோடு பில், வாரண்டி அட்டை, பெட்டிக்குள் வந்த தாள் இவற்றுடன் ஒரே கவரில் வையுங்கள்.

6. பலகையை அறைக்குப் பழக்குங்கள்

பெட்டிகளைப் பிரிக்காமல், படுக்கையாக, போடப்போகிற அறையிலேயே 48 மணி நேரம் வையுங்கள். வராந்தாவில் அடுக்கி வைத்தால் பழகாது. சாரலில் நனையும், அவ்வளவுதான். மாதம் என்று கேட்டால் என் யோசனை செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். சாரல் குறைந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடிக்காத நாட்கள் அவை, பலகை நடுத்தர ஈரத்தில் இருக்கும்.

7. பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் ஃபோம்

தரையைக் கூட்டி, வேக்குவம் போட்ட பிறகு 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை விரியுங்கள். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் 20 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், அந்த இணைப்பு முழுக்க டேப். சுவரில் இரண்டு இஞ்ச் மேலேறட்டும், ஸ்கர்ட்டிங் அடித்தபின் மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். இது ஆவியைத்தான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஈரத் தரைக்கு இதை மருந்தாக நினைக்காதீர்கள். 75-க்குள் தேறின தரைக்கு இது ஒரு காவல்.

அதன்மேல் 2 மி.மீ. ஃபோம். இதை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றக் கூடாது, ஓரத்தோடு ஓரம் முட்ட வையுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று 5 மி.மீ. கேட்பவர்கள் உண்டு, நானும் கேட்டேன். பலகை ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்தால் கிளிக் விடுபடும் என்று எங்களுக்குப் போட்டுக் கொடுத்த புனலூர் ஆசாரி மறுத்துவிட்டார். "மெத்தை வேணும்னா கட்டில்ல போடுங்க சாரே" என்றார். ஃபோமிலேயே ஒரு பக்கம் ஈரத்தடுப்பு ஒட்டி வருகிற வகையை வாங்கினால் தனி ஷீட் தேவையில்லை, ஆனால் இணைப்புகளை டேப் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

8. இடைவெளி

லேமினேட் மழைக்காலத்தில் நீளத்திலும் அகலத்திலும் விரியும், வெயிலில் சுருங்கும். தளம் முழுக்க ஒரே பலகை மாதிரி நகர்கிறது, அதனால் நாலு பக்கமும் சுவரிலிருந்து 10 முதல் 12 மி.மீ. விட வேண்டும். அந்த அளவுக்குக் கட்டைத் துண்டுகளைச் செருகிக்கொண்டே போடுங்கள், கடைசியில் அவற்றை எடுக்க மறக்காதீர்கள்.

சுவரோரம் எல்லாரும் விட்டுவிடுவார்கள். தவறு நடப்பது கதவு நிலையில். முதல் ஆட்கள் நிலைக்கட்டையைச் சுற்றிப் பலகையை அழகாக ஒட்ட வெட்டியிருந்தார்கள், ஒரு மயிரிழை தெரியாது. தளம் விரிந்தபோது அங்கே போய் முட்டி, போக இடமில்லாமல் நடுவில் எழும்பிவிட்டது. நிலையின் அடியைப் பலகைக் கனத்துக்கு ரம்பத்தால் அறுத்து, பலகையை அதற்கு அடியில் செருகி, உள்ளேயும் இடம் விடுவதுதான் முறை. கல் நிலை என்றால் அறுக்க முடியாது. அங்கே இடைவெளி விட்டு மேலே பட்டை வையுங்கள்.

உங்கள் தளம் ஏற்கெனவே எழும்பியிருந்தால் காரணத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்து, பலகை சுவரையோ நிலையையோ முட்டியிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், சில நாளில் தானாக அமரும். இடைவெளி இருந்தும் ஒவ்வொரு இணைப்பின் விளிம்பு மட்டும் தடித்து, கை வைத்தால் வரப்பாகத் தட்டுப்பட்டால் அது ஈரம், அந்தப் பலகைகள் போனவைதான். எங்களுக்கு இரண்டுமே இருந்தது, அறையின் இரண்டு முனையில்.

இடைவெளிக்குள் சிமெண்டோ பட்டியோ அடைக்காதீர்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் ஆணி அடியுங்கள், பலகையில் அல்ல. அடுத்த அறைக்கு அப்படியே தொடராமல் வாசலில் டி வடிவப் பட்டை வைத்துப் பிரியுங்கள், ஒரே ஓட்டம் எட்டுப் பத்து மீட்டரைத் தாண்டினாலும் நடுவில் பட்டை வேண்டும். சுவரோடு சுவராக நிற்கிற பீரோ, அலமாரி செய்வதானால் அதை முதலில் தரையில் நிறுத்திவிட்டு, பலகையை அதைச் சுற்றிப் போடுங்கள். பலகைக்குமேல் வைத்துத் திருகினால் தளம் அந்த இடத்தில் ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும்.

9. வரிசைக் கணக்கு போட்டுவிட்டு வெட்டுங்கள்

எங்கள் அகலம் 3570 மி.மீ. இரண்டு பக்க இடைவெளி 24 போனால் 3546. பலகை அகலம் 195, ஆக 18 முழு வரிசைக்கு 3510, மிச்சம் 36 மி.மீ. இவ்வளவு ஒல்லியான துண்டு கிளிக்கில் நிற்காது, கடைசி வரிசை 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதனால் 195-ஐயும் 36-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சுமார் 115 மி.மீ. ஆக அறுத்தோம், நடுவில் 17 முழு வரிசை. முதல் பலகையை அறுத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் நேரம் கடந்துவிடும்.

அடுத்தடுத்த வரிசைகளில் நுனி இணைப்புகள் 30 செ.மீ.யாவது தள்ளி வர வேண்டும். சுத்தியலைப் பலகையில் நேரடியாக அடிக்காமல் கட்டை வைத்துத் தட்டுங்கள். கதவு அடியையும் முன்னாலேயே பாருங்கள், பலகையும் ஃபோமும் சேர்ந்து தரை 10 மி.மீ. உயரும். நாங்கள் பார்க்காமல் விட்டு, கதவைத் திறக்க முடியாமல் அதை ஒரு நாள் கழித்துத்தான் சீவினோம்.

போடும் வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிந்தது. அன்றே நடக்கலாம், பசை எதுவும் இல்லையே. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம், வாளி ஊற்றிக் கழுவக் கூடாது. எங்கள் வீட்டில் ஆடி வெள்ளிக்கு எல்லா அறையையும் தண்ணீர் விட்டுக் கழுவுவது வழக்கம், இந்த அறையை மட்டும் அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டேதான் துடைக்கிறாள்.